கர்வ் போடுவதற்கு முன்னால்

2010 ஜனவரியில் பிரான்ஸ் அரசு ஒரு புதிய லோகோவை வெளியிட்டது. இணையத்தில் பாட்டையும் படத்தையும் திருட்டுத்தனமாக இறக்கிக்கொள்பவர்களைக் கண்காணிப்பதற்காக உருவான 'ஹாடோபி' என்ற அமைப்பின் லோகோ அது. வெளியான சூட்டோடு சூடாக, லோகோவில் இருந்த எழுத்துகள் யாருடையவை என்பது தெரிந்துபோனது. அது 'பியான்வென்யூ' என்ற ஃபான்ட். பிரான்ஸ் டெலிகாம் நிறுவனம் மட்டுமே பயன்படுத்துவதற்கென்று ழான் பிரான்சுவா போர்ஷே என்ற எழுத்து வடிவமைப்பாளர் வரைந்து கொடுத்தது. வேறு யாருக்கும் அது விற்பனைக்கு இல்லை. திருட்டைத் தடுக்க வந்த அமைப்பின் பெயரே உரிமம் இல்லாத எழுத்தில் இருந்தது என்று உலகம் சிரித்தது. லோகோ வேறு ஃபான்ட்டுக்கு மாற்றப்பட்டது.

லோகோவை வரைந்தவர்களுக்குத் தொழில் தெரியும். அதை வாங்கியது ஒரு அரசாங்கம். இருந்தும், வேலை முடிந்து கைமாறும் நேரத்தில் 'இந்த எழுத்து எங்கிருந்து வந்தது?' என்ற கேள்வி விட்டுப்போயிற்று. நம் ஊர் டிசைன் கடைகளில் அன்றாடம் விட்டுப்போகிற கேள்வியும் இதுதான். கல்யாணப் பத்திரிகை, முறுக்கு பாக்கெட், ஜவுளிக்கடை ஃப்ளெக்ஸ் என்று எதை எடுத்தாலும் அதில் இரண்டு மூன்று ஃபான்ட்டும் நாலைந்து படமும் இருக்கும். ஒவ்வொன்றுக்கும் ஓர் உரிமையாளர் இருக்கிறார். எதற்குப் பயன்படுத்தலாம், எதற்குக் கூடாது என்று அவர் எழுதிவைத்த நிபந்தனை இருக்கிறது. அதற்குத்தான் உரிமம் என்று பெயர்.

எப்போது பார்க்க வேண்டும்?

அச்சகத்துக்குப் போகும் கோப்பை 'கர்வ் போட்டு அனுப்புங்க' என்று கேட்பது வழக்கம். எழுத்துகளை எழுத்துகளாக விட்டுவைக்காமல் கோடுகளால் ஆன வடிவமாக மாற்றிவிடுவதுதான் கர்வ். அந்த ஃபான்ட் அச்சகத்துக் கணினியில் இல்லாவிட்டாலும் எழுத்து மாறாது. குறிப்பாக, பழைய தமிழ் ஃபான்ட்டுகளில் எழுத்து எழுத்தாகவே போனால் அங்கே திறக்கும்போது கன்னாபின்னாவென்று மாறிப்போகும் என்பதால் கர்வ் போடுவது இங்கே கட்டாயம்போல ஆகிவிட்டது.

ஆனால் கர்வ் போட்ட மறுநொடியே கோப்பிலிருந்து ஃபான்ட்டின் பெயர் மறைந்துவிடும். அதன்பின் எந்தக் கணினியில் திறந்து பார்த்தாலும் அது வெறும் வடிவம்தான். பெயர் மறைந்தாலும் பொறுப்பு மறைவதில்லை. போர்ஷே தன் எழுத்தைக் கண்டுபிடித்தது கண்ணால் பார்த்துத்தான். அதனால் சோதனையைச் செய்ய வேண்டிய இடம், வாடிக்கையாளர் புரூஃபைப் பார்த்து சரி சொன்னதற்கும் கர்வ் போடுவதற்கும் நடுவில் இருக்கிற அந்தச் சின்ன இடைவெளி. எழுத்து இன்னும் எழுத்தாக இருக்கிறது. இனி டிசைன் மாறப்போவதும் இல்லை.

பட்டியல் எடுப்பது ஐந்து நிமிட வேலை. கோரல்டிராவில் File பட்டியலில் உள்ள Document Properties-ஐத் திறந்தால் எந்தெந்த ஃபான்ட் பயன்பட்டிருக்கிறது என்று காட்டும். இல்லஸ்ட்ரேட்டரிலும் இன்டிசைனிலும் Type பட்டியலில் உள்ள Find Font அதைச் செய்யும். புதிய பதிப்புகளில் அதன் பெயர் Find/Replace Font. கையில் இருப்பது பி.டி.எஃப். மட்டும்தான் என்றால் அக்ரோபேட்டில் Ctrl+D அழுத்தி Fonts பக்கத்தைப் பார்க்கலாம். படங்களுக்கு Links பலகை இருக்கிறது. அதில் தெரியும் கோப்புப் பெயரே பாதி கதையைச் சொல்லிவிடும். shutterstock_ அல்லது AdobeStock_ என்று தொடங்கி நீளமான எண்ணோடு முடிந்தால் அதன் பிறந்த வீடு தெரிந்துவிட்டது. 'download (3).jpg' என்றோ வாட்ஸ்அப்பிலிருந்து வந்த பெயராகவோ இருந்தால் அங்கே ஒரு கேள்விக்குறி போட வேண்டும். ஃபோட்டோஷாப்பில் பல படங்களை ஒட்டி ஒரே படமாக்கிக் கொண்டுவந்திருந்தால் Links பலகையில் ஒரு பெயர்தான் இருக்கும். உள்ளே என்னென்ன ஒட்டப்பட்டிருக்கிறது என்று அந்த மூலக் கோப்பைத் திறந்து லேயர் லேயராகப் பார்க்க வேண்டியதுதான்.

ஒரு இனிப்புப் பெட்டி

ஓர் இனிப்புக் கடையின் தீபாவளிப் பெட்டியை எடுத்துக்கொள்வோம். ஒரு கிலோ அளவு, 25,000 பெட்டி அச்சாகப் போகிறது. அதே டிசைனைக் கடை வாசலில் ஃப்ளெக்ஸாகவும் இன்ஸ்டாகிராமிலும் போடுவார்கள். மேலே தமிழில் கடையின் பெயர். அதன்கீழ் ஆங்கிலத்தில் கையெழுத்துப் பாணியில் வாழ்த்து. பக்கவாட்டில் சேர்மானங்களும் எடையும் விலையும். முகப்பில் லட்டுத் தட்டு, அதைச் சுற்றிச் சிரிக்கும் ஒரு குடும்பம், ஓரத்தில் கோலம், மூடியின் உள்பக்கம் ஒரு லட்சுமி படம். டிசைனர் கூலி வாங்கிக்கொண்டு வரைந்தது, யாரும் குறை சொல்ல முடியாத அழகு. இதை ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்க்கலாம்.

சேர்மானங்கள் 'முக்தா மலர்' ஃபான்ட்டில் இருக்கின்றன. கூகுள் ஃபான்ட்ஸிலிருந்து இறக்கியது. உடன் வந்த OFL.txt என்ற கோப்பில் உரிமம் இருக்கிறது. இதன் பெயர் எஸ்.ஐ.எல். ஓபன் ஃபான்ட் லைசென்ஸ். அச்சு, இணையம், லோகோ, வியாபாரம் எல்லாவற்றுக்கும் பயன்படுத்தலாம், திருத்தலாம், அடுத்தவருக்குக் கொடுக்கலாம். ஃபான்ட்டைத் தனியாக விலைக்கு விற்கக் கூடாது என்பது முக்கியமான தடை. முதல் டிக் போட்டாயிற்று.

பட்டியலில் எதிர்பாராத இன்னொரு பெயரும் வரும். விலைக்கு முன்னால் போட்ட ₹ குறி, பயன்படுத்திய ஃபான்ட்டில் இல்லாவிட்டால், மென்பொருள் தானே வேறொரு ஃபான்ட்டிலிருந்து அதை எடுத்து ஒட்டிவிடும். ₹ குறி வந்ததே 2010-இல் என்பதால் அதற்கு முந்திய ஃபான்ட்டுகளில் அது இருக்காது. இப்படி ஒற்றை எழுத்துக்காக நுழைந்த ஃபான்ட்டுக்கும் உரிமம் பார்த்தாக வேண்டும்.

அடுத்து ஆங்கில வாழ்த்து. இலவச ஃபான்ட் தளத்திலிருந்து வந்தது. பதிவிறக்கப் பொத்தானுக்குப் பக்கத்தில் சிறிய எழுத்தில் Free for personal use என்று இருந்திருக்கும். வீட்டுப் பிறந்தநாள் அட்டைக்குச் சரி. காசுக்கு விற்கும் இனிப்பின் பெட்டிக்கு ஆகாது. சிப் கோப்பைப் பிரித்தால் உள்ளே ஒரு readme இருக்கும். அதில் வணிக உரிமத்தை எங்கே வாங்கலாம் என்று வரைந்தவர் எழுதியிருப்பார். பெரும்பாலும் பெட்டி அச்சிடும் செலவோடு ஒப்பிட்டால் கண்ணுக்குத் தெரியாத தொகைதான். ஆனால் வாங்கும்போது இன்னொன்றைக் கவனிக்க வேண்டும். கணினியில் நிறுவி அச்சுக்குப் பயன்படுத்தும் உரிமம் வேறு, வலைத்தளத்தில் அதே ஃபான்ட்டை ஏற்றிவைக்கும் உரிமம் வேறு. இன்ஸ்டாகிராமுக்குப் போவது வெறும் படம் என்பதால் பொதுவாக முதல் வகையே போதும்.

கடையின் தமிழ்ப் பெயர்தான் கஷ்டமான இடம். அது கடைக்குக் கடை பென் டிரைவில் கைமாறிவந்த பழைய ஃபான்ட். தமிழ் டி.டி.பி. உலகில் விலை கொடுத்து வாங்க வேண்டிய தொகுப்புகளின் எழுத்துகள் பல, பெயர் மாற்றப்பட்டு ஊர் சுற்றுகின்றன. அதனால் ஃபான்ட்டின் பெயரை நம்பிப் பயனில்லை. விண்டோஸில் அந்தக் கோப்பின் மேல் வலது சொடுக்கு சொடுக்கி Properties-இல் Details பக்கத்தைத் திறந்தால், பெயரை மாற்றியவர் தொட மறந்த காப்புரிமை வரி பல நேரம் அப்படியே இருக்கும். அங்கேயே Font embeddability என்றொரு வரியும் உண்டு. Installable என்று அதில் பார்த்ததும் 'அனுமதி இருக்கிறது' என்று நினைத்துவிடுகிறவர்கள் அதிகம். அந்த வரி, கோப்புக்குள் ஃபான்ட்டைப் பதிக்கலாமா என்று மென்பொருளுக்குச் சொல்லும் குறிப்பு மட்டுமே. நீங்கள் காசு கொடுத்தீர்களா என்பது அதற்குத் தெரியாது.

உரிமையாளர் யாரென்று தெரிந்தால் வாங்கிவிடலாம். தெரியாவிட்டால் அந்த எழுத்தை விட்டுவிட வேண்டும். 'பலூ தம்பி' போல ஓபன் ஃபான்ட் லைசென்ஸில் வந்த தடித்த தமிழ் எழுத்து ஒன்றைக் கொண்டு பெயரை அமைக்கலாம். இன்னும் நல்லது, கைவண்ணம் உள்ள ஓர் ஓவியரிடம் கடைப்பெயரின் ஏழெட்டு எழுத்துகளைப் புதிதாக எழுதி வாங்குவது. அதற்கான உரிமையை எழுத்து மூலமாகக் கடைக்கு மாற்றிக்கொண்டால், அந்தப் பெயரின் வடிவம் கடைக்கே சொந்தம். எழுத்துகளின் உருவத்துக்கு உரிமை உண்டா என்பதில் நாட்டுக்கு நாடு சட்டம் வேறுபடும். ஃபான்ட் கோப்பு ஒரு மென்பொருள் என்ற வகையில் பாதுகாப்பு பெறுகிறது. ஆகவே 'வடிவத்தை நகலெடுத்தால் தப்பில்லை' என்று டிசைனர் சொல்வது வாதத்துக்கு உதவலாம், கடை முதலாளிக்கு உதவாது.

படங்கள் பேசும் கணக்கு

லட்டுத் தட்டு, காசு கொடுத்து வாங்கிய ஸ்டாக் படம். ராயல்டி ஃப்ரீ என்று எழுதியிருக்கும். இலவசம் என்று பொருளில்லை. ஒரு தடவை காசு கொடுத்துவிட்டால் ஒவ்வொரு முறை பயன்படுத்தும்போதும் தனித்தனியாகக் கொடுக்க வேண்டாம் என்பதே பொருள். அதற்கும் எல்லை உண்டு. ஷட்டர்ஸ்டாக், அடோபி ஸ்டாக் இரண்டிலும் சாதாரண உரிமத்தில் அச்சுப் படிகளுக்கு 5,00,000 என்று வரம்பு வைத்திருக்கிறார்கள். நம் கடையின் 25,000 பெட்டிக்கு இது தாராளம். அதே படம் ஐந்து ரூபாய் காரச்சேவு பாக்கெட்டில் போகிறது என்றால் சில மாதங்களிலேயே வரம்பு தாண்டிவிடும். அப்போது கூடுதல் உரிமம் வாங்க வேண்டும். சிவகாசி காலண்டர்போலப் படத்துக்காகவே பொருள் விற்கும் இடங்களில், எத்தனை படி என்ற கேள்வி வருவதற்கு முன்பே கூடுதல் உரிமம் தேவைப்படும். சாதாரண உரிமத்தில் வாங்கிய படத்தை லோகோவாகவும் ஆக்க முடியாது. தட்டு அழகாக இருக்கிறதே, இதையே கடையின் சின்னமாக்கிவிடலாம் என்று முதலாளி ஆசைப்பட்டால், முடியாது என்று அன்றே சொல்லிவிட வேண்டும்.

சிரிக்கும் குடும்பத்தின் படம் அன்ஸ்பிளாஷ் போன்ற ஒரு தளத்தில் இலவசமாகக் கிடைத்தது. வணிகத்துக்கும் பயன்படுத்தலாம் என்று அங்கேயே எழுதியிருக்கிறது. பலர் இத்தோடு நிறுத்திவிடுகிறார்கள். ஒரு மனிதரின் படத்தில் இரண்டு அனுமதிகள் இருக்கின்றன. ஒன்று, படம் எடுத்தவர் தருவது. மற்றொன்று, படத்தில் இருப்பவர் 'என் முகத்தை விளம்பரத்தில் போட்டுக்கொள்ளலாம்' என்று கையெழுத்திட்டுத் தருவது. இதை மாடல் ரிலீஸ் என்பார்கள். முதலாவது இருக்கிறது என்பதற்காக இரண்டாவதும் இருக்கிறது என்று ஆகாது.

2007-இல் ஆஸ்திரேலியாவில் விர்ஜின் மொபைல் நிறுவனம் ஒரு விளம்பரம் போட்டது. அதில் இருந்தது அமெரிக்காவின் டெக்சாஸைச் சேர்ந்த ஒரு சிறுமி. அவளுக்குத் தெரிந்த ஒருவர் அவளைப் படமெடுத்து ஃபிளிக்கரில் போட்டிருந்தார். 'பெயரைக் குறிப்பிட்டால் போதும், வணிகத்துக்கும் பயன்படுத்தலாம்' என்ற கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் அது இருந்தது. ஆனால் சிறுமியையோ பெற்றோரையோ யாரும் கேட்கவில்லை. தன் முகம் எங்கோ ஒரு நாட்டில் கேலியான வாசகத்தோடு விளம்பரப் பலகையில் நிற்பது குடும்பத்துக்குத் தெரிந்து வழக்கு போட்டார்கள். ஆஸ்திரேலிய நிறுவனத்தை டெக்சாஸ் நீதிமன்றம் விசாரிக்க முடியாது என்று வழக்கு தள்ளுபடியானது. நிறுவனம் செய்தது சரி என்று எந்த நீதிபதியும் சொல்லவில்லை. இனிப்புக் கடையையும் பெட்டியில் இருக்கும் குடும்பத்தையும் பிரிப்பது கடல் அல்ல, பக்கத்துத் தெருவாகவே இருக்கலாம். ஆகவே மாடல் ரிலீஸ் உண்டு என்று தளமே உறுதி சொல்கிற படமாகப் பார்த்து மாற்றிவிடுவது நல்லது. Editorial use only என்று குறிப்பு இருந்தால் யோசிக்கவே வேண்டாம். அது செய்திக் கட்டுரைக்கான படம், பெட்டிக்கும் விளம்பரத்துக்கும் ஆகாது.

கோலம் ஓர் இலவச வெக்டர் தளத்தில் எடுத்தது. அங்கே இலவசக் கணக்கில் எடுத்தால் வரைந்தவரின் பெயரை டிசைனிலேயே போட வேண்டும் என்று நிபந்தனை இருக்கும். பெட்டியின் அடிப்பக்கம் பொடி எழுத்தில் அதைப் போடலாம், அல்லது காசு கட்டி அந்த நிபந்தனை இல்லாத உரிமத்தை வாங்கலாம். இரண்டுமே வேண்டாம் என்றால் கோலம் போடத் தெரிந்தவர் நம் வீட்டிலேயே இருப்பார், போடச் சொல்லிப் படமெடுத்துக்கொள்ளலாம்.

கடைசியாக, மூடிக்குள் இருக்கும் லட்சுமி. வீட்டில் மாட்டியிருந்த பழைய காலண்டரை ஸ்கேன் செய்தது. சாமி படத்துக்கு யார் உரிமை கேட்பார்கள் என்ற நினைப்பில் நடப்பது இது. சாமிக்கு உரிமை இல்லை, வரைந்தவருக்கு உண்டு. இந்தியக் காப்புரிமைச் சட்டப்படி ஓவியத்துக்கு, ஓவியர் வாழும் காலமும் அவர் இறந்த பிறகு 60 ஆண்டும் பாதுகாப்பு இருக்கிறது. 1906-இல் மறைந்த ராஜா ரவிவர்மாவின் லட்சுமிக்கு அந்தக் காலம் எப்போதோ முடிந்துவிட்டது. யாரும் பயன்படுத்தலாம். கோவில்பட்டியில் இருந்து தமிழ்நாட்டுப் பூஜையறைகளை நிரப்பிய கொண்டையராஜு மறைந்தது 1976-இல். அவர் வரைந்த படங்களுக்கான பாதுகாப்பு 2036 முடியும்வரை நீள்கிறது. இரண்டு லட்சுமியும் ஒரே மாதிரி மங்கலாகிப்போன காலண்டர்களில் கிடைத்தாலும் சட்டத்தின் கண்ணில் ஒன்றல்ல. காலண்டரின் ஓரத்தில் ஓவியரின் கையெழுத்தைத் தேடிப் பார்க்க வேண்டும். யார் வரைந்தது என்று தெரியவில்லை என்றால் அந்தப் படத்தைத் தொடாமல் இருப்பதே மேல்.

கைமாறும்போது

இப்படிப் பார்த்து முடித்ததும் மாற்ற வேண்டியவை மாறியிருக்கும், வாங்க வேண்டியவை வாங்கப்பட்டிருக்கும். இனி வாடிக்கையாளரிடம் எதைக் கொடுப்பது என்ற கேள்வி மிச்சம். பி.டி.எஃப். மட்டும் கொடுத்தால் பெரும்பாலும் சிக்கலில்லை. ஃபான்ட் அதற்குள் பதிந்துதான் போகிறது, தனிக் கோப்பாகப் போவதில்லை. 'அடுத்த வருஷம் நாங்களே மாத்திக்கிறோம், ஓபன் ஃபைலைக் குடுங்க' என்று கேட்டால்தான் கவனிக்க வேண்டும். இன்டிசைனில் Package கொடுத்தால் ஃபான்ட்டுகளைத் தனி ஃபோல்டரில் நகலெடுத்து வைக்கும், உரிமத்தைப் பற்றி ஓர் எச்சரிக்கையும் காட்டும். பலர் அதைப் படிக்காமலே OK அழுத்திவிடுவார்கள். அந்த ஃபோல்டரில் முக்தா மலர் இருக்கலாம், அதன் OFL.txt-யும் சேர்த்துக் கொடுத்தால் போதும். காசுக்கு வாங்கிய ஃபான்ட்டை அப்படிக் கொடுக்கக் கூடாது. டிசைனர் வாங்கியது அவருடைய கணினிக்கு. கடைக்காரர் தானே திருத்த விரும்பினால் தன் பெயரில் ஒன்று வாங்க வேண்டும். அடோபி ஃபான்ட்ஸ் எழுத்துகளை Package நகலெடுப்பதே இல்லை. சந்தா உள்ளவர் தன் கணினியில் தானே இயக்கிக்கொள்ள வேண்டும். ஸ்டாக் படத்துக்கும் இதே கதைதான். ஒரு கடைக்காக வாங்கிய லட்டுத் தட்டை இன்னொரு கடையின் பெட்டிக்கும் எடுத்துப் போடுவதை ஷட்டர்ஸ்டாக் போன்ற தளங்கள் அனுமதிப்பதில்லை. இரண்டாவது வாடிக்கையாளருக்கு இரண்டாவது முறை வாங்க வேண்டும்.

கோப்போடு ஒரு பக்கத் தாள் ஒன்றும் போக வேண்டும். எந்த ஃபான்ட், எந்தப் படம், எங்கிருந்து, எந்த உரிமம், யார் பெயரில், எந்தத் தேதியில், என்ன வரம்பு என்ற ஏழு விவரமும் ஒவ்வொன்றுக்கும் ஒரு வரி. ரசீதும், அன்றைய உரிமப் பக்கத்தின் நகலும் பின்னால் இணைக்கப்பட வேண்டும். நகல் ஏன் என்றால், நிபந்தனைகள் மாறும். அன்ஸ்பிளாஷ் தளத்தில் 2017 ஜூன் வரை படங்கள் யாவும் உரிமை துறந்த 'சி.சி.0' முறையில் இருந்தன. பிறகு தளம் தனக்கென்று வேறு உரிமத்தைக் கொண்டுவந்தது. அதற்கு முன் எடுத்த படத்துக்கும் பின் எடுத்த படத்துக்கும் விதி வேறு. தேதியைக் குறித்து வைத்தவரால்தான் எது எது என்று சொல்ல முடியும்.

இதை எல்லாம் செய்தாலும் மூடாத ஓர் ஓட்டை இருக்கிறது. தளத்தில் படத்தை ஏற்றியவரே அதை வேறொருவரிடமிருந்து எடுத்திருந்தால்? இலவசத் தளங்களில் இந்த ஆபத்து முழுக்க எடுத்தவர் தலையில்தான். காசு வாங்கும் பெரிய தளங்கள், ஒரு தொகை வரை இழப்பை ஏற்பதாக உரிமத்திலேயே எழுதித் தருகின்றன. விதிப்படி பயன்படுத்தியிருக்க வேண்டும், ரசீது காட்ட வேண்டும் என்பது நிபந்தனை. நோட்டீஸ் முதலில் வரப்போவது டிசைனருக்கு அல்ல. பெட்டியில் யார் பெயர் இருக்கிறதோ அந்தக் கடைக்குத்தான் வரும். அதனால் டிசைனருக்கு இறுதித் தொகையைக் கொடுப்பதற்கு முன், அந்த ஒரு பக்கத் தாளைக் கேட்டு வாங்கிக்கொள்ளும் வேலை கடைக்காரருடையது.